பலனைப் பார்க்காதே என்றால் எதைப் பார்க்காதே?

கேள்வி: "'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே' என்று கீதை சொல்வதாகச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். பலன் வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் யாராலும் ஒரு வேலையைத் தொடங்க முடியுமா? அப்படியே முடிந்தாலும், விளைவைப் பற்றிக் கவலைப்படாதவரை நல்லவர் என்று எப்படிச் சொல்வது? பழைய நூல்களில் இதற்குப் பதில் இருக்கிறதா, இல்லை இது வேலை வாங்குகிறவர்களுக்கு வசதியான வாசகம் மட்டும்தானா?"

முதலில் அந்த வாசகத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். கடைச் சுவரிலும் காலண்டரிலும் தொங்குவது கீதை இரண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகத்தின் சுருக்கம். பாதிச் சுருக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ('எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது' என்று தொடங்கும் இன்னொன்று கீதாசாரம் என்ற பெயரில் தொங்குமே, அது கீதையின் எந்தச் சுலோகமும் இல்லை. அதை விட்டுவிடுவோம்.) மூலத்தில் நான்கு துண்டுகள் உண்டு. செயலில்தான் உனக்கு அதிகாரம். பலன்களில் ஒருபோதும் இல்லை. பலனைக் காரணமாக வைத்துச் செய்கிறவனாக ஆகாதே. செய்யாமல் இருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம்.

அந்த நான்காவது துண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அர்ஜுனன் அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான். வில்லைக் கீழே வைத்துவிட்டுப் பிச்சை எடுத்துப் பிழைக்கிறேன் என்றான். அவன் பலனுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. வரப்போகிற பலனைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். ஆகவே சுலோகம் பேராசைக்காரனுக்குச் சொன்ன புத்திமதி இல்லை, விளைவுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தவனுக்குச் சொன்னது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் பாதி தானே தெரியும்.

அடுத்தது 'அதிகாரம்' என்ற சொல். இன்றைய தமிழில் அது ஆளுகிற பலம், கட்டளையிடும் உரிமை. வேள்விகளை ஆராய்ந்த மீமாம்சைக்காரர்களுக்கு அது ஒரு கலைச்சொல். ஒரு வேள்வியைச் செய்ய உரியவர் யார், அதன் பலன் யாரைச் சேரும் என்பதே அங்கே அதிகாரம். ஜைமினியின் சூத்திரத்தில் ஆறாம் அத்தியாயம் இதற்காகவே இருக்கிறது. 'சொர்க்கத்தை விரும்புகிறவன் வேள்வி செய்யட்டும்' என்று விதி சொன்னால், சொர்க்கத்தை விரும்புவதுதான் அவனை அந்த வேள்விக்கு உரியவனாக்குகிறது. விருப்பம் இல்லாதவனுக்கு அங்கே வேலையே இல்லை. நெய் விடுவதும் மந்திரம் சொல்வதும் புரோகிதர்கள்தான். பலன் போய்ச் சேர்வது வேள்வி நடத்தும் எஜமானனுக்கு. அதிகாரமும் பலனும் அவர்கள் கணக்கில் ஒட்டிப் பிறந்தவை. கீதை அந்த ஒட்டை வெட்டுகிறது. அந்தக் காலத்து வைதிகர் ஒருவரின் காதில் இது, 'பத்திரம் உன் பெயரில்தான் இருக்கிறது, விளைச்சல் மட்டும் உன்னுடையது இல்லை' என்பதுபோல விழுந்திருக்கும்.

அதனால் உங்கள் முதல் கேள்வி புதிது இல்லை. மனு இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறார்: ஆசையே உருவாக இருப்பது புகழத்தக்கது இல்லை, ஆனால் ஆசை இல்லாதவன் செய்யும் செயல் என்று ஒன்றை இந்த உலகில் எங்கும் காண முடியாது, எவன் எதைச் செய்தாலும் அது ஆசையின் வேலை. ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த குமாரில பட்டர் இன்னும் காரமாகச் சொன்னார். பயன் எது என்று கருதாமல் மந்தபுத்திக்காரன்கூட ஒரு காரியத்தில் இறங்கமாட்டான். சம்ஸ்கிருதம் படித்தவர்கள் பழமொழி மாதிரி இன்றும் எடுத்துவிடுகிற வரி அது.

இதற்கு எதிர்த்தரப்பு மீமாம்சைக்கு உள்ளேயே இருந்தது. பிரபாகரரும் அவர் வழிவந்தவர்களும், 'இது நான் செய்ய வேண்டியது' என்ற உணர்வே ஒருவனை நகர்த்தப் போதும் என்றார்கள். தினசரி சந்தியாவந்தனம் மாதிரி நித்திய கர்மங்களுக்குப் பலன் எதுவும் சொல்லப்படவில்லை. விதி இருக்கிறது, செய்கிறோம், அவ்வளவுதான். குமாரிலர் தரப்பு விடவில்லை. செய்யாவிட்டால் பாவம் வரும் என்று பயப்படுகிறாய் அல்லவா, அந்தப் பாவம் வராமல் இருப்பதும் ஒரு பலன்தானே என்று கேட்டது. இந்தச் சண்டை பல நூற்றாண்டு ஓடியது. என்னைக் கேட்டால், மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதில் குமாரிலர் சரி. ஒருவர் தான் செய்வதற்குக் காரணமாக எதைச் சொல்லத் தகும் என்பதில் பிரபாகரர் சரி. இரண்டும் ஒரே கேள்வி என்று நினைத்ததால்தான் சண்டை முடியவில்லை.

கீதையின் தரப்பில் நின்று பதில் சொல்ல வேண்டுமானால், 'பலன்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் கிடப்பதைப் பார்க்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் கற்றதைவிட வீட்டில் கற்றதுதான் அதிகம்.

என் அம்மா கடைசி இரண்டு வருடம் மறதி நோயோடு படுக்கையில் இருந்தார். என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் வெந்நீர் விளாவி, முழங்கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்துவிட்டு உடம்பு துடைத்துவிடுவேன். குணமாகப் போவதில்லை. துடைத்ததை அவர் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போவதும் இல்லை. நன்றி, பெயர், சொத்து, புண்ணியம் எதுவும் இதில் வரப்போவதில்லை என்று தெரிந்து செய்தேன். பலனை எதிர்பாராமல் செய்வது இதுதான் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அம்மா அவரை ஒருக்களித்துத் திருப்பினார். வால் எலும்புக்கு மேலே தோல் உரிந்து காசு அளவில் புண். "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடவில்லையா சார்? சிவந்தபோதே தெரிந்திருக்குமே" என்றார். துடைத்துக்கொண்டுதான் இருந்தேன், தினமும். பார்க்கத்தான் இல்லை.

இதில் மூன்று வகைப் பலன் இருக்கிறது. ஒன்று, எனக்கு வரும் கூலி: நன்றி, பெயர், புண்ணியம். இரண்டு, என் கையில் முழுதாக இல்லாத முடிவு: அம்மா குணமாவது. மூன்று, செயலுக்கு உள்ளேயே இருக்கிற இலக்கு: தண்ணீர் சுடாமல் இருப்பது, தோல் உரியாமல் இருப்பது. முதலாவதை விடச் சொல்கிறது கீதை. இரண்டாவது எப்படி வந்தாலும் நிலைகுலையாதே என்கிறது. மூன்றாவதை விட்டால்? பதினெட்டாம் அத்தியாயம் 25ஆம் சுலோகம் அதற்கு வைத்திருக்கும் பெயர் தாமசச் செயல். பின்விளைவு, நஷ்டம், பிறருக்கு நேரும் துன்பம், தன் திறன் இவை எதையும் பார்க்காமல் மயக்கத்தில் தொடங்குகிற செயல் என்று விளக்கமே கொடுக்கிறது. விளைவை எண்ணாமல் செய்வதை மூன்று தரங்களில் கடைசித் தரத்தில் வைத்த நூலிலிருந்து, விளைவை எண்ணாதே என்ற வாசகத்தை நாம் எடுத்து மாட்டியிருக்கிறோம். நான் செய்ததும் தாமசம்தான். அதற்கு உயர்ந்த பெயர் வைத்திருந்தேன் என்பதுதான் வித்தியாசம்.

இந்த மூன்றையும் கீதை ஒரே இடத்தில் வரிசையாகப் பிரித்துத் தருவதில்லை; இது என் வாசிப்பு. ஆனால் ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயம் 25ஆம் சுலோகம், அறிவில்லாதவர்கள் பற்றோடு செய்வதுபோலவே அறிவுள்ளவன் பற்றில்லாமல் செய்யட்டும் என்கிறது. ஆனால் அந்த அறிவுள்ளவனை எப்படி வருணிக்கிறது? உலகம் குலையாமல் நிற்பதை 'சிகீர்ஷு' என்று. செய்ய விரும்புகிறவன் என்று பொருள். விருப்பத்தைக் காட்டும் விகுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பற்றை விட்டவனுக்கும் ஒரு விருப்பம் மிஞ்சியிருக்கிறது, அது தனக்கானது இல்லை என்பதுதான் அங்கே பேச்சு. குமாரிலருக்கு இது போதுமான பதில் என்று நினைக்கிறேன். பயனே இல்லாமல் யாரும் இறங்குவதில்லை, சரி. பயன் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

முழுப் பதில் இல்லை, ஒரு முள் மிச்சம் இருக்கிறது. பலனை விட்டுச் செய்தால் பிறவித் தளையிலிருந்து விடுபடுவாய் என்று கீதையே திரும்பத் திரும்பச் சொல்கிறதே, அந்த விடுதலை பலன் இல்லையா? வள்ளுவர் இதை மழுப்பவில்லை. "வேண்டுங்கால் வேண்டும் பிறவாமை மற்றது வேண்டாமை வேண்ட வரும்" என்று வேண்டாமையையே வேண்டச் சொல்கிறார். சங்கரரின் வழி வேறு. பலனில் பற்றில்லாத செயல் மனத்தைச் சுத்தமாக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. விடுதலை அறிவால் வருவது, செயலால் வருவது இல்லை என்று முள்ளை ஒரு அடி தள்ளி வைத்தார். தள்ளித்தான் வைத்தார்.

வேலை வாங்குகிறவர்கள் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன், அது அவ்வளவு கடினம் இல்லை. சுலோகம் பேசுவது செய்கிறவனிடம், அவன் தன் மனத்துக்குள் பலனை எப்படிப் பிடித்திருக்கிறான் என்பதைப் பற்றி. இன்னொருவன் உழைப்பின் பலனை எடுத்துக்கொள்ள யாருக்கும் அது உரிமை தரவில்லை. அதே கீதை பதினேழாம் அத்தியாயம் 13ஆம் சுலோகத்தில், அன்னம் பகிராமலும் தட்சிணை கொடுக்காமலும் நடத்துகிற வேள்வி தாமசம் என்கிறது. தட்சிணை புரோகிதருக்குப் போகிற உழைப்பின் ஊதியம். அதைக் கொடுக்காமல் 'பலனை எதிர்பாராதே' என்று அவரிடம் சொல்கிற எஜமானனுக்குக் கீதையில் இடம் எங்கே என்று அந்தச் சுலோகத்திலேயே இருக்கிறது. முதலாளி மேசைக்குப் பின்னால் மாட்டவேண்டிய சுலோகம் இது; மாட்டி நான் பார்த்ததில்லை.

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கீதையில் தேடுவதைவிட, கீதை உட்கார்ந்திருக்கிற மகாபாரதத்தில் தேடுவது நல்லது. வனபர்வத்தில் துவைதவனத்தில் திரௌபதியும் தருமனும் பேசிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. போருக்குப் பல வருடம் முன்பு. நாடு போய்விட்டது, சபையில் அவளை இழுத்து வந்தாகிவிட்டது, மரவுரியோடு காட்டில் இருக்கிறார்கள். ஒரு மாலை அவள் கேட்கிறாள். தர்மத்தைக் காக்கிற அரசனைத் தர்மம் காக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களை மட்டும் அது காப்பதாகத் தெரியவில்லையே. பீமனையும் அர்ஜுனனையும் இரட்டையரையும் என்னையும் விட்டாலும் விடுவீர்கள், தர்மத்தை விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் இந்தக் கதி என்றால், கடவுள் மனிதர்களை மரப்பாவை மாதிரி, மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி ஆட்டிவைக்கிறார் என்றுதானே அர்த்தம்?

தருமன் சொல்லும் பதில்தான், பலன் கருதாச் செயல் பற்றிய இந்திய மரபின் மிகத் தெளிவான வாக்குமூலம். உன் பேச்சு அழகாக இருக்கிறது, ஆனால் நாத்திகம் பேசுகிறாய் என்று தொடங்குகிறான். பிறகு: நான் செயலின் பலனைத் தேடி நடப்பவன் இல்லை, கொடுக்க வேண்டும் என்பதால் கொடுக்கிறேன், வேள்வி செய்ய வேண்டும் என்பதால் செய்கிறேன். தர்மத்தை வைத்து வாணிகம் செய்கிறவன் தர்மம் பேசுகிறவர்களில் கடைசி ஆள்.

இந்த 'தர்ம வாணிகன்' என்ற சொல் தமிழ் படித்தவர்களுக்கு உடனே எங்கோ மணி அடிக்கும். புறநானூற்றின் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடுகிறார்: "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்." பிறகு, சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறான் என்று முடிக்கிறார். ஒரே உவமை, ஒரே தராசு. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆய் வணிகன் அல்லன் என்று சொல்பவர் பரிசில் பெற்ற புலவர். அவர் கையில் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. நான் வணிகன் அல்லேன் என்று சொல்கிற தருமனோ, எல்லாவற்றையும் தோற்றுவிட்டுத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறான். எதிரே உட்கார்ந்து கேட்பவள் அவன் பந்தயத்தில் வைத்துத் தோற்ற பொருள்களில் ஒருத்தி.

அந்தப் பதிலுக்குள்ளேயே ஒரு விரிசல் இருக்கிறது. பலன் தேடவில்லை என்று சொன்ன அதே மூச்சில் தருமன், தர்மம் பலன் தராமல் போகாது என்று வாதாடத் தொடங்கிவிடுகிறான். தர்மத்துக்குப் பலன் இல்லையென்றால் உலகம் இருட்டில் மூழ்கிவிடும் என்கிறான். சான்றாக, நீயே வேள்வியிலிருந்து பிறந்தவள்தானே, உன் பிறப்பையும் உன் அண்ணன் திருஷ்டத்யும்னன் பிறப்பையும் நினைத்துப் பார் என்கிறான். பலன் வேண்டாதவனுக்குப் பலன் கட்டாயம் வரும் என்று நிரூபிக்க ஏன் இவ்வளவு அவசரம்?

விரிசல் இன்னும் கொஞ்ச தூரத்தில் முழுதாகத் திறக்கிறது. திரௌபதிக்குப் பிறகு பீமன் அண்ணனைப் பிடித்துக்கொள்கிறான். அவன் கடுமையாகப் பேசிய பிறகு தருமன் வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான்: திருதராஷ்டிரன் மகனிடமிருந்து நாட்டையும் அரசையும் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டுத்தான் நான் காய்களைக் கையில் எடுத்தேன். அழைத்தால் மறுக்கக் கூடாது என்ற விரதத்துக்காகப் போனான், கடமைக்காக ஆடினான் என்று நாம் அதுவரை கேட்ட கதைக்கு இது நேர் எதிர். கொடுக்க வேண்டும் என்பதால் கொடுக்கிறேன் என்று அவன் சொன்ன இடத்துக்கும் இந்த ஒப்புதலுக்கும் நடுவே இருப்பது சில அத்தியாயங்கள்தான்.

தருமன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. முதலில் சொன்னபோது அவன் அதை நம்பினான். கஷ்டமே அதுதான். பலனில் பற்றில்லை என்பது உள்ளே இருக்கிற நிலை. வெளியே அதற்குத் தனி அடையாளம் கிடையாது. கடமைக்காக ஆடுகிறவன் கையும் ஆசைக்காக ஆடுகிறவன் கையும் காயை ஒரே மாதிரிதான் உருட்டும். ஆடுகிறவனுக்கே தெரியாது. பிறகு, தோற்ற பிறகு, நம்மோடு கட்டுண்டு கஷ்டப்படுகிறவர்கள் விடாமல் கேட்கும்போதுதான் வெளியே வருகிறது. கீதை ஒரு அளவுகோல் தருகிறது, அது நல்ல அளவுகோல்: வெற்றியிலும் தோல்வியிலும் மாறாமல் இருக்கிறானா, அதே சமயம் உறுதியும் ஊக்கமும் குறையாமல் இருக்கிறானா (18.26). ஆனால் இந்த அளவுகோலை வேலை முடிந்த பிறகுதான் வைத்துப் பார்க்க முடியும். இறங்கும்போது கையில் இருக்காது.

திரௌபதி இதற்கு வைத்திருக்கும் மாற்று எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தர்மத்தை நான் பழிக்கவில்லை, துயரத்தில் பிதற்றுகிறேன் என்று கொஞ்சம் பின்வாங்கிவிட்டு, செயல் என்றால் என்ன என்று தன் வழியில் சொல்கிறாள். இதைத் தான் கற்ற விதத்தையும் சொல்கிறாள். அப்பா வீட்டில் தங்கியிருந்த ஒரு பிராமணர் பிரகஸ்பதி சொன்ன நீதியை அவள் சகோதரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஏதோ வேலையாக வந்த சின்னப் பெண் அப்பா மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்காக நடந்த பாடம் இல்லை அது. அதிலிருந்து அவள் எடுத்துவருவது ஒரு உழவன். உழவன் கலப்பையால் நிலத்தைக் கிழித்து விதையைப் போடுகிறான். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேல் மழைதான் காரணம். மழை பெய்யாவிட்டால் அவன்மேல் குற்றம் இல்லை. இன்னொருவன் செய்திருக்கக்கூடியது எல்லாவற்றையும் நான் செய்தேன் என்று அவன் சொல்லிக்கொள்ளலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் 47ஆம் சுலோகம் சொன்னது போலத்தான் இருக்கிறது: செயல் உன்னுடையது, பலன் உன்னுடையது இல்லை. ஆனால் உழவன் விளைச்சலை விரும்புகிறான். விரும்புவதால்தான் எந்த மாதத்தில் உழுவது, எந்த விதை என்று பார்க்கிறான். அவன் விடுவது விளைச்சலின் மேல் உள்ள விருப்பத்தை இல்லை, விளைச்சல் வராவிட்டால் தன்மேல் விழும் பழியை. அதுவும் சும்மா விட்டுவிட முடியாது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருந்தால்தான் அந்த உரிமை வரும். 'இன்னொருவன் செய்திருக்கக்கூடியது எல்லாம்' என்ற அளவு அண்டை வீட்டுக்காரன் வந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அளவு. உள்மனத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. என் வீட்டுக்கு வந்த நர்ஸ் அம்மா கேட்டதும் இந்தக் கேள்விதான். என் பற்றின்மையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

இன்னொரு கஷ்டம் மீதி இருக்கிறது. பற்றில்லாமல் செய் என்பது எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறதே தவிர, எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. அந்தப் பட்டியல் வெளியிலிருந்து வர வேண்டும். கீதையில் அது ஸ்வதர்மத்திலிருந்து, அதாவது பிறந்த வருணத்தின் கடமையிலிருந்து வருகிறது. பிறருடைய கடமையைச் சிறப்பாகச் செய்வதைவிடத் தன்னுடையதைக் குறையோடு செய்வது மேல் என்று மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டிலும் சொல்கிறது. பட்டியலே அநியாயமாக இருந்தால், பற்றில்லாமை அதைத் திருத்தாது. கையில் கொடுக்கப்பட்ட வேலையின் விளைவைப் பார்த்து 'இது தப்பு' என்று திரும்புகிற வழியையும் கொஞ்சம் அடைத்துவிடும். அர்ஜுனன் முதலாம் அத்தியாயத்தில் செய்தது அந்தத் திரும்புதல்தான். அவன் சொன்ன விளைவுகள், குடும்பங்கள் அழியும், வென்று என்ன பயன் என்பதெல்லாம், போரில் ஒன்றுவிடாமல் நடந்தன.

இது காகிதத்துச் சந்தேகம் இல்லை என்பதற்கு நவீன காலத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 1897 ஜூனில் பூனாவில் நடந்த சிவாஜி விழாவில் திலகர் பேசினார். சிவாஜி அப்சல்கானைக் கொன்றது குற்றமா என்ற விவாதம். பலனில் ஆசை வைக்காமல் செய்கிறவனை எந்தப் பழியும் ஒட்டாது, ஆசிரியரையும் உறவினரையும்கூடக் கொல்லலாம் என்பதுதான் கீதையில் கிருஷ்ணன் சொன்னது என்று கீதையை வைத்துப் பதில் சொன்னார். பிறகு மாண்டலே சிறையில் அவர் எழுதிய கீதா ரகசியம் 1915இல் வந்தது. காந்தி 1930இல் குஜராத்தியில் அநாசக்தி யோகம் என்ற பெயரில் கீதையை வெளியிட்டார். அதன் முன்னுரையில் அதே பற்றின்மையிலிருந்து நேர் எதிர் முடிவுக்கு வருகிறார். பலனில் ஆசை இல்லாதவனுக்குப் பொய் சொல்லவோ அடிக்கவோ காரணமே இருக்காது. ஆகவே பலனை உண்மையாக விட்டவன் அகிம்சையைத் தவிர வேறு எதையும் கடைப்பிடிக்க முடியாது. கீதை எழுதப்பட்டபோது போரை அதற்கு முரணாக நினைத்திருக்கமாட்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். ஒரே முற்கோள், இரண்டு முடிவுகள். இருவரும் தன்னலக்காரர்கள் இல்லை, இருவரும் சிறைக்குப் போனவர்கள். எந்த முடிவு சரி என்று அந்தச் சுலோகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும் வெளியே வராது. வேறெங்கிருந்தோ, அடிபட்டவன் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பதினெட்டாம் அத்தியாயம் 17ஆம் சுலோகம் என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்கிற ஒன்று: 'நான்' என்ற எண்ணம் இல்லாதவன் இந்த உலகத்தாரை எல்லாம் கொன்றாலும் கொன்றவன் ஆகமாட்டான். உரையாசிரியர்கள் இதை ஞானியின் புகழாக வாசிக்கிறார்கள். ஞானி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற ஒருவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்க, தருமனின் ஒப்புதலைப் படித்தவர்களுக்குத் தோன்றாமல் இருக்காது.

ஆக, இதை ஒரு முழு அறக்கொள்கையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. எது சரியான காரியம் என்று வேறு வழியில், விளைவையும் பார்த்து, முடிவு செய்துவிட்ட ஒருவருக்கு, அதைச் செய்துமுடிக்கிறவரை கை நடுங்காமல் இருக்க உதவும் பயிற்சியாக எடுத்துக்கொள்கிறேன். அந்த அளவிலும் அது லேசான பயிற்சி இல்லை. நேரடியாகக் கேட்ட மாணவன் கதையே இருக்கிறதே. போரின் முதல் நாள் காலையில் அர்ஜுனன் கீதையைக் கேட்டான். பதின்மூன்றாம் நாள் மாலை மகன் அபிமன்யு செத்துக் கிடந்தபோது, நாளை சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிட்டால் தீயில் விழுவேன் என்று சபதம் போட்டான். பலனில் இதைவிட இறுக்கமாக ஒருவன் தன்னைக் கட்டிக்கொள்ள முடியாது. போரெல்லாம் முடிந்து, கிருஷ்ணன் துவாரகைக்குக் கிளம்பும் சமயத்தில், அசுவமேத பர்வத்தில் அர்ஜுனன் மெதுவாகக் கேட்கிறான். அன்றைக்குக் களத்தில் நட்போடு ஏதோ சொன்னாயே, அது எல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. இன்னொரு தடவை சொல்கிறாயா? கிருஷ்ணனுக்குக் கோபம் வருகிறது. புத்தி மட்டு உனக்கு என்று கடிந்துகொள்கிறான். அப்புறம், அதை அப்படியே முழுதாகத் திரும்பச் சொல்ல என்னாலும் முடியாது என்கிறான்.